வினாடி முள் நான்கு நான்காகத் தாவினால்: வாட்ச் செல்லைச் சோதித்து மாற்றும் முறை

குவார்ட்ஸ் வாட்சில் வினாடி முள் ஒவ்வொரு வினாடியும் நகராமல், நான்கு வினாடி சும்மா நின்றுவிட்டு ஒரே தாவில் நான்கு கோடு முன்னால் போகிறதா? பல பேர் அதைப் பார்த்ததும் மிஷின் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். இன்னும் சிலர், செல்லில் தெம்பு இல்லாமல் முள் திணறுகிறது என்று நினைக்கிறார்கள். இரண்டுமே சரியில்லை. செல் தீரப்போகிறது என்று வாட்சே வேண்டுமென்று கொடுக்கும் அறிவிப்பு அது.

முதலில் உள்ளே நடப்பதைப் புரிந்துகொண்டால் மற்ற வேலையெல்லாம் எளிது. வாட்சுக்குள் இருக்கும் சின்ன குவார்ட்ஸ் படிகம் வினாடிக்கு 32,768 தடவை அதிர்கிறது. அதன் பக்கத்தில் உள்ள ஐசி என்ற மின்னணுச் சில்லு அந்த எண்ணிக்கையைப் பதினைந்து முறை பாதி பாதியாக்கி, கடைசியில் வினாடிக்கு ஒரு மின்துடிப்பாக மாற்றுகிறது. அந்தத் துடிப்பு செம்புச் சுருளுக்குள் போனதும் காந்தச் சக்கரம் அரைச் சுற்று திரும்பும், முள் ஒரு கோடு நகரும்.

இதே ஐசி செல்லின் வோல்டேஜையும் அவ்வப்போது பார்த்துக்கொள்கிறது. வாட்சுக்குப் போடும் சில்வர் ஆக்சைடு செல் புதிதாக இருக்கும்போது 1.55 வோல்ட். ஆயுளின் பெரும்பகுதியில் ஏறக்குறைய அதே அளவில் நின்றுவிட்டு, கடைசிக் கட்டத்தில்தான் சடசடவென்று இறங்கும். சுமார் 1.3 வோல்ட்டை ஒட்டி (மிஷினுக்கு மிஷின் இது மாறும்) இறங்கியதும், ஐசி துடிப்பு அனுப்பும் முறையை மாற்றிக்கொள்கிறது. நான்கு வினாடிக்கான நான்கு துடிப்புகளையும் பிடித்து வைத்து, ஒன்றன்பின் ஒன்றாக மளமளவென்று அனுப்புகிறது. துடிப்பின் மொத்த எண்ணிக்கை குறையவில்லை, அதனால் நேரமும் தப்புவதில்லை.

வாட்சைக் காதோடு ஒட்டி வைத்துக் கேளுங்கள். வழக்கமான ஒற்றை டிக் இருக்காது. நான்கு டிக் நெருக்கமாக ஓடி, பிறகு அமைதி, மறுபடி நான்கு. கண்ணுக்கு ஒரே தாவலாகத் தெரிவது காதுக்கு நான்காகப் பிரிந்து கேட்கும்.

முதல் வேலை, இது உண்மையிலேயே அந்த அறிவிப்புதானா என்று உறுதி செய்வது. ஒரு நிமிடம் முழுக்க முள்ளைப் பாருங்கள். சரியாகப் பதினைந்து தாவல் வர வேண்டும். அப்புறம் செல்போன் நேரத்தோடு ஒப்பிட்டு வைத்துவிட்டு, மறுநாள் அதே போனோடு மீண்டும் பாருங்கள். நேரம் பிந்தாமல் தாவல் மட்டும் இருந்தால் செல்தான். நேரம் பின்தங்கினாலோ, முள் ஒரே இடத்தில் துடித்துக்கொண்டு நின்றாலோ கதை வேறு. பல்சக்கரத்தில் அழுக்கோ எண்ணெய்ப் பிசுக்கோ இருக்கலாம், அல்லது அறிவிப்பு வசதியே இல்லாத மிஷினாக இருக்கலாம். வீட்டுச் சுவர்க் கடிகாரத்தில் பேட்டரி தீரும்போது முள் ஒன்பதாம் எண் பக்கமாக நின்று துடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அங்கிருந்து மேலே ஏற வேண்டியிருப்பதால் தெம்பு போதவில்லை. உண்மையான திணறல் என்றால் அதுதான்.

சூரிய ஒளியில் சார்ஜ் ஆகும் வாட்சுகளில் பெரும்பாலும் இரண்டு வினாடித் தாவல் வரும். அதைத் திறக்க வேண்டாம், வெயிலில் வைத்தாலே போதும்.

அடுத்து செல்லைக் கழற்றி அளப்பது. இங்கேதான் புதிதாகப் பழகுகிறவர்கள் ஏமாறுகிறார்கள். கோபியில் நான் உட்காரும் கடைக்கு ஒரு பெரியவர் வந்தார். மஞ்சள் காட்டுக்குத் தண்ணீர் பாய்ச்சும்போதும் கையில் வாட்ச் கட்டுகிறவர்.

"ஏனுங்க தம்பி, செல்லு மாத்தி நாலு மாசந்தானுங்க ஆச்சு. மறுபடியும் முள்ளு தாவுதுங்க. மிஷினே போச்சுங்களா?"

"இருங்கய்யா, தொறந்து பாத்துட்டுச் சொல்றனுங்க."

உள்ளே ரோண்டா 515 மிஷின். அதற்குரிய செல் 371, அதாவது எஸ்ஆர் 920 என்ற சில்வர் ஆக்சைடு வகை. அதைப் போட்டால் மூன்று வருடத்துக்கு மேல் ஓடும். ஆனால் உள்ளே இருந்தது ஏஜி 6. அளவு அச்சு அசல் அதேதான், குழியில் கச்சிதமாக உட்காரும். ஆனால் அது ஆல்கலைன். போட்ட நாளிலிருந்தே அதன் வோல்டேஜ் சரிவில் இறங்கிக்கொண்டே இருக்கும். உள்ளே இன்னும் சரக்கு மிச்சம் இருக்கும்போதே ஐசியின் எல்லையைத் தொட்டுவிடும், தாவலும் ஆரம்பித்துவிடும்.

மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் 20 என்ற இடத்தில் வைத்து அளந்தேன். 1.37 காட்டியது. இதைப் பார்த்துவிட்டு "செல் நல்லாத்தானே இருக்கு" என்று திரும்பப் போட்டுவிடக் கூடாது. மீட்டர் செல்லிடமிருந்து ஏறக்குறைய எதுவுமே வாங்குவதில்லை. வாட்சின் சுருளோ ஒவ்வொரு துடிப்புக்கும் அதைவிடப் பல மடங்கு மின்னோட்டம் இழுக்கிறது. பழைய செல்லின் உள்தடை கூடியிருப்பதால், இழுக்கும் அந்த நொடியில் வோல்டேஜ் பொத்தென்று விழுகிறது.

அதனால் செல்லுக்குக் கொஞ்சம் பாரம் கொடுத்து அளக்க வேண்டும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் 2 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று வாங்குங்கள், சில்லறைக் காசுதான். பல வாட்சுகளின் சுருள் ஏறக்குறைய அந்தத் தடையில்தான் இருக்கும். ரெசிஸ்டரின் இரு காலையும் செல்லின் இரு முகத்திலும் பிடித்துக்கொண்டு, அப்படியே மீட்டரின் முனைகளையும் வையுங்கள். பெரியவரின் செல் அப்போது 1.22க்கு இறங்கியது. புது 371 செல்லை அதே மாதிரி அளந்தால், பாரம் இல்லாமல் 1.56, பாரத்தோடு 1.54. இறக்கம் நூறில் இரண்டு வோல்ட்டுக்குள் நின்றால் செல் நன்றாக இருக்கிறது.

குளிரும் வோல்டேஜைக் குறைக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். மார்கழியில் ஊட்டிக்குப் போன இடத்தில் தாவ ஆரம்பித்து, மேட்டுப்பாளையம் இறங்கியதும் சரியாகிவிட்டால், செல் கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது என்றுதான் அர்த்தம். ஊருக்குத் திரும்பியதும் மாற்றிவிடுங்கள்.

மாற்றும்போது கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். பின்மூடியைத் திறந்ததும் ரப்பர் வளையம் எங்கே போகிறது என்று பாருங்கள், அது காணாமல் போனால் தண்ணீர் உள்ளே வரும். செல்லை எடுக்கப் பிளாஸ்டிக் முனை உள்ள ட்வீசர் நல்லது. இரும்பு ட்வீசர் இரு முகத்தையும் சேர்த்துத் தொட்டால் புது செல்லே ஷார்ட் ஆகிவிடும். செம்புச் சுருளின் கம்பி தலைமுடியைவிட மெல்லியது, ட்வீசர் நுனி ஒரு தடவை பட்டாலே அறுந்துவிடும், பிறகு அந்த வாட்ச் நகராது. பெரும்பாலான மிஷின்களில் கூட்டல் குறி உள்ள முகம் உங்களைப் பார்த்தபடி உட்காரும். எடுக்கும் முன் போனில் ஒரு படம் எடுத்து வைத்தால் சந்தேகமே வராது. போடும் முன் செல்லில் பட்ட விரல் வியர்வையைச் சுத்தமான துணியால் துடைத்துவிடுங்கள். தண்ணீரில் புழங்குகிறவரின் வாட்ச் என்றால், மூடிய பிறகு பிரஷர் டெஸ்ட் வசதி உள்ள கடையில் ஒருமுறை கொடுத்துப் பார்ப்பது நல்லது.

தாவல் தொடங்கிய பிறகு சில நாள் ஓடலாம், சில வாரமும் ஓடலாம். நின்ற பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். தீர்ந்த செல் உள்ளேயே கிடந்தால் கசியலாம், அந்தக் கசிவு மிஷினின் தாமிரப் பாதைகளை அரித்துவிடும்.

புது செல் போட்டவுடன் தாவல் நிற்காவிட்டால் பதற வேண்டாம். ஐசி மறுபடி வோல்டேஜைப் பார்க்கும் வரை சில நிமிடம் பொறுங்கள். அதற்குப் பிறகும் தாவினால் செல் உட்காரும் இடத்திலுள்ள ஸ்பிரிங் தகட்டைப் பாருங்கள். அதில் பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சுக் குச்சியால் மெதுவாகத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு செல்லைத் திரும்பப் போடுங்கள். தகடு சுத்தமாக இருந்தும் தாவினால், நீங்கள் வாங்கிய செல்லையே அந்த ரெசிஸ்டர் வைத்து அளந்து பாருங்கள். கடையில் நெடுநாள் தூங்கிய செல்லும் பாக்கெட்டில் புதிது மாதிரிதான் தெரியும்.