முதல் பத்து விநாடி

முதல் குழு விவாதத்தில் என்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது பெயர், கடலூர், பி.காம், பொழுதுபோக்கு என்று ஒப்பித்தேன். எனக்கு முன்னால் ஆறு பேரும் அதையேதான் சொன்னார்கள். தேர்வாளர் தாளிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

வீட்டில் போனில் பதிவு செய்து கேட்டேன். பத்து விநாடியில் ஆங்கிலத்தில் சுமார் 25 சொல்தான் அடங்குகிறது. விண்ணப்பத்தில் ஏற்கெனவே இருப்பதே அத்தனையையும் தின்றிருந்தது! பட்டத்தையும் பொழுதுபோக்கையும் வெட்டினேன். பெயரை மெதுவாகச் சொல்லி, ஒரு நொடி நிறுத்தி, “கடலூர் துறைமுகத்தில் அப்பாவின் ஐஸ் கடைக்கு நான்தான் கணக்கு எழுதுகிறேன். மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் விற்பனை இல்லை” என்று வைத்துக்கொண்டேன்.

அடுத்தது புதுச்சேரியில். தேர்வாளர் நிமிர்ந்தார். “அந்த 61 நாளும் ஆட்களுக்குச் சம்பளம்?” என்று கேட்டார். அதற்கான பதில் கையில் இருந்தது. ஆனால் தேர்வாளர் பெயரும் படிப்பும் மட்டும் கேட்டால், அதோடு நிறுத்திவிட வேண்டும்.