வீட்டுத் தராசை நம்பும் முன்

அம்பாசமுத்திரம் பக்கத்துக் கிராமத்துப் பாட்டிக்குச் சத்துக்குறைவு இருக்கிறதா என்று வீடியோவில் பார்க்கிறீர்கள். எடையைக் கேட்கும் முன், எடை இயந்திரத்தைச் சிமெண்ட் தரையில் வைத்து, பிரிக்காத 25 கிலோ அரிசி மூட்டையை ஏற்றச் சொல்லுங்கள். 27 காட்டினால், பாட்டிக்கு அது காட்டும் 46-ஐ நம்ப முடியாது. 2 கிலோவைக் கழித்தாலும் தோராயம்தான்.

கெண்டைக்கால் சுற்றளவு இங்கே கைகொடுக்கும். பாட்டி நாற்காலியில் உட்கார்ந்து பாதத்தைத் தரையில் பதிக்க, பேத்தி பருத்த இடத்தில் தையல் டேப்பை இறுக்காமல் சுற்றட்டும். (பழைய டேப் நீண்டிருக்கும், ஏ4 தாளின் நீளம் 29.7 செ.மீ. வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.) முதியவர்களுக்கு 31 செ.மீ.க்குக் கீழே போனால் சத்துக்குறைவைச் சந்தேகிக்கலாம்.

கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் சில விநாடிகள் அழுத்தி எடுத்ததும் குழி நின்றால் நீர் கோத்திருக்கிறது. அப்போது எடை, கெண்டைக்கால் இரண்டுமே கூடுதலாகத்தான் தெரியும். அவற்றுக்குப் பதிலாக மேற்கையின் நடுச்சுற்றளவைக் குறித்துக்கொண்டு, வீக்கத்துக்கு மருத்துவரிடம் நேரில் அனுப்புங்கள்.