மதிப்பெண் பாக்கி: முதல்வருக்கு எழுதும் கடிதத்தில் ஒரு மாதிரி வையுங்கள்

ஆசிரியர்கள் மதிப்பெண் ஏற்றிவிட்டார்களா என்று தினமும் இரவில் தானாகச் சரிபார்க்கும் ஏற்பாட்டைப் பள்ளி முதல்வரிடம் கேட்கப் போகிறீர்களா? கடிதத்தில் தொழில்நுட்பத்தை விளக்காதீர்கள். இரவில் வரப்போகும் செய்தியையும் அது யாருக்குப் போகும் என்பதையும் அப்படியே எழுதிக் காட்டுங்கள்:

"ஐயா, 8-பி அறிவியல்: 40 பேரில் 6 பேருக்கு மதிப்பெண் பாக்கி. இந்தச் செய்தி அந்தப் பாட ஆசிரியருக்கு மட்டும் போகும். கடைசித் தேதிக்குப் பிறகும் பாக்கி இருந்தால்தான் தங்களுக்கு வரும்."

முதல்வர் முதலில் யோசிப்பது, இது யார் கண்ணில் படும், ஆசிரியர்கள் முகம் சுளிப்பார்களா என்பதைத்தான். மாதிரியிலேயே அதற்குப் பதில் இருப்பதால், பாலக்கோடு, அரூர் பக்கத்துச் சின்னப் பள்ளியில்கூட ஒரே சந்திப்பில் பேச்சு முடிந்துவிடும். வேலையும் பெரிதில்லை. கூகுள் ஷீட்டில் காலிக் கட்டங்களை எண்ண இது போதும்:

```
=COUNTBLANK(C2:C41)
```

தேர்வுக்கு வராத மாணவருக்குக் கட்டத்தைக் காலியாக விடாமல் AB என்று போட வேண்டும் என்பதையும் கடிதத்திலேயே சேருங்கள். இல்லையென்றால் வராத பிள்ளை தினமும் பாக்கிக் கணக்கில் வந்து நிற்கும், ஆசிரியரும் செய்தியைப் பார்ப்பதையே விட்டுவிடுவார். அப்புறம், "சரியாக 9 மணி" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். இந்தச் சரிபார்ப்பைத் தினமும் தானாக ஓடவைக்கும் ஷீட்டின் டிரிக்கர், இரவு 9-லிருந்து 10-க்குள் ஏதோ ஒரு நேரத்தில்தான் ஓடும்.

எமிஸ் போன்ற அரசுத் தளத்தில் நேரடியாக மதிப்பெண் ஏற்றும் பள்ளிக்கு இது ஒத்துவராது. அங்கே ஏற்றியது உங்கள் ஷீட்டுக்குத் தெரியாது.