28 நாள் பெக்கேஜை 13ஆல் பெருக்குங்கள்

போனுக்குப் போடும் 28 நாள் டேட்டா பெக்கேஜின் விலையை 12ஆல் அல்ல, 13ஆல் பெருக்கித்தான் வருடச் செலவைப் பாருங்கள். 28 நாள் என்பது சரியாக நான்கு கிழமை. 13 தடவை போட்டால்தான் 364 நாள் ஓடும். 700 ரூபாய் பெக்கேஜ் என்று வைத்தால் வருடத்துக்கு 8,400 இல்லை, 9,100. பக்கத்திலேயே 740 ரூபாய்க்கு 30 நாள் பெக்கேஜ் இருந்தால், கூடின விலையாகத் தெரிந்தாலும் வருடத்துக்கு ஏறக்குறைய 9,000தான் வரும்.

திகதியும் முன்னுக்கு நகரும். சம்பள நாளான ஜனவரி 25இல் போட்டால் அடுத்தது பெப்ரவரி 22, பிறகு மார்ச் 22, ஏப்ரல் 19, மே 17. சம்பளத்துக்கு ஒரு கிழமைக்கு முன்பே டேட்டா நின்றுவிடும். ஆனால் கிழமை மாறாது: திருகோணமலைச் சந்தைக்கு ஞாயிறில் போகிறவர், ஞாயிறில் போட்டால் எப்போதும் ஞாயிறில்தான் புதுப்பிப்பார். திகதியை விட்டுவிட்டு அந்தக் கிழமையை நினைவில் வைப்பதே சுகம்.

மாதக் கட்டண பில் இணைப்புக்கு இந்தக் கணக்கு வேண்டாம். 28 நாளுக்கு முன்பே டேட்டாவை முடிக்கிறவர்களும் நாளைப் பார்க்காமல் ஒரு ஜிபி என்ன விலை என்று பாருங்கள்.