குற்றியில் படாத லேசரும் ஒரு சின்ன வகையீடும்

வெள்ளவத்தையில் அக்கா வீட்டுக்குப் போனால் மருமகன் கொப்பியோடு வந்து விடுவான். உயர்தரம், கணிதப் பிரிவு. போன வாரம் அவன் கேட்டது ஒளிமுறிவு. சூத்திரம் பாடம், கணக்கும் செய்வான். "ஆனால் மாமா, இந்த sin எங்கேயிருந்து வந்தது?" என்றான்.

நல்ல கேள்வி. வீட்டில் மீன் இல்லாத மீன் தொட்டி ஒன்று கிடந்தது. அதை வைத்தே செய்தோம். வகையீட்டில் சங்கிலி விதி தெரிந்தால் போதும், நீங்களும் செய்யலாம்.

முதலில் தொட்டி

தொட்டியை விளிம்பு வரை நிரப்பினோம், ஆழம் 20 செ.மீ. அடியில் ஒரு ஐந்து ரூபாய்க் குற்றி. தொட்டிக்கு வெளியே, நீர்மட்டத்திலிருந்து 30 செ.மீ உயரத்தில் லேசர். லேசருக்கு நேர் கீழேயிருந்து குற்றி வரை கிடையாக 55 செ.மீ. தண்ணீரில் இரண்டு சொட்டுப் பால் விட்டால் கதிர் உள்ளே கோடாகத் தெரியும். காற்றில் தெரிய ஊதுபத்திப் புகை போதும். லேசர் நீர்மட்டத்தில் பட்டு எதிர்ப்பக்கம் மேலேயும் தெறிக்கும், அந்தப் பக்கம் யாரும் கண்ணை வைக்கக் கூடாது.

மருமகன் நூலைப் பிடித்து லேசரிலிருந்து குற்றிக்கு நேர்கோடு பார்த்து, அந்தத் திசையிலேயே லேசரை அடித்தான். நேர்கோடு நீர்மட்டத்தை 33 செ.மீ-இல் வெட்டுகிறது. கதிர் அங்கேதான் இறங்கியது. ஆனால் உள்ளே போனதும் கீழ் நோக்கி மடங்கி, குற்றிக்கு 9 செ.மீ முன்னாலேயே அடியைத் தொட்டது.

அப்படியானால் குற்றியில் பட வேண்டுமென்றால் நீர்மட்டத்தில் எந்த இடத்தில் இறக்க வேண்டும்? இந்த ஒரு கேள்வியைத்தான் இனிக் கணக்கிடப் போகிறோம்.

நேரத்தை எழுதுவது

இங்கே நாம் பிடித்துக்கொள்ளும் விதி: ஒளி ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு, நேரம் மிகக் குறைந்த வழியில் போகிறது. தூரம் குறைந்த வழி அல்ல. கொழும்பின் காலி வீதியில் பம்பலப்பிட்டிப் பக்கம் நெரிசல் என்றால் ஓட்டோக்காரர் மரைன் டிரைவ் பக்கம் இறங்கி விடுகிறார் அல்லவா, அதே கணக்கு. தூரம் கொஞ்சம் கூடினாலும் மெதுவான துண்டு குறைந்தால் லாபம்.

ஒளிக்குத் தண்ணீர்தான் மெதுவான துண்டு. முறிவுச் சுட்டி ஏறத்தாழ 1.33, அதாவது தண்ணீரில் ஒளியின் வேகம் காற்றில் உள்ளதன் முக்கால் பங்கு. இந்தக் கணக்குக்கு 4/3 என்றே எடுக்கிறேன், எண்கள் அழகாக வருவதற்காகத்தான்.

லேசரின் உயரம் a, தண்ணீரின் ஆழம் b, கிடைத்தூரம் d. கதிர் நீர்மட்டத்தைத் தொடும் இடம் x. இதில் நமக்குத் தெரியாதது x மட்டும். பைதகரசு இரண்டு தடவை:

```
T(x) = √(a² + x²)/v₁ + √(b² + (d − x)²)/v₂
```

முதல் உறுப்பு காற்றில் போன நேரம், இரண்டாவது தண்ணீரில். தூரத்தை வேகத்தால் வகுத்திருக்கிறோம், அவ்வளவுதான்.

வகையிடுவது

T மிகக் குறையும் இடத்தில் அதன் பெறுதி பூச்சியம். சங்கிலி விதி போட்டால்:

```
dT/dx = x/(v₁√(a² + x²)) − (d − x)/(v₂√(b² + (d − x)²)) = 0
```

நடுவில் உள்ள கழித்தல் குறியைக் கவனியுங்கள். (d − x)-ஐ x சார்பாக வகையிட்டால் −1 வரும், அதிலிருந்து வந்தது அது. மருமகன் முதல் தடவை அதை விட்டு விட்டான், நடுவில் கூட்டல் வந்தது. பிழை என்று எப்படித் தெரியும்? இரண்டு நேர் எண்களைக் கூட்டிப் பூச்சியம் வராது. அப்படி ஒரு வரி வந்தால் திரும்பிப் போய் அந்தக் குறியைத் தேடுங்கள்.

இன்னொரு பொறி இதற்கு அடுத்த வரியில் இருக்கிறது. "சரி, x-ஐக் கண்டுபிடிப்போம்" என்று இரு பக்கமும் வர்க்கித்தால் x-இன் நாலாம் படிச் சமன்பாட்டில் போய் நிற்பீர்கள். நானும் படிக்கிற காலத்தில் ஒரு முழுப் பக்கம் அப்படி வீணாக்கியிருக்கிறேன். வர்க்கிக்க வேண்டாம். அந்தப் பின்னங்களைப் படத்தில் வைத்துப் பாருங்கள்.

x/√(a² + x²) என்பது என்ன? காற்றில் உள்ள செங்கோண முக்கோணத்தில் கிடைப்பக்கத்தைச் செம்பக்கத்தால் வகுத்திருக்கிறோம். நீர்மட்டத்துக்குச் செவ்வன் வரைந்தால், கதிர் அந்தச் செவ்வனோடு ஆக்கும் கோணத்தின் sin அது. படுகோணம்! இரண்டாவது பின்னமும் அப்படியே, முறிகோணத்தின் sin. படுகோணத்தை θ₁ என்றும் முறிகோணத்தை θ₂ என்றும் வைப்போம். முறிவுச் சுட்டி n வேகத்துக்கு எதிர்விகிதம், அதனால் முதல் வரியிலிருந்து இரண்டாவது வரி வந்து விடும். ஆகவே:

```
sin θ₁ / v₁ = sin θ₂ / v₂
n₁ sin θ₁ = n₂ sin θ₂
```

அவன் கேட்ட sin இங்கேயிருந்துதான் வந்தது. பைதகரசின் வர்க்கமூலத்தை வகையிட்டபோது கிடைத்த பின்னத்துக்கு நாம் வைத்திருக்கும் பெயர்தான் அது. கோணத்தைச் செவ்வனிலிருந்து ஏன் அளக்கிறோம் என்பதற்கும் விடை இதுவே. நீர்மட்டத்திலிருந்து அளந்தால் அதே பின்னத்தை cos என்று எழுத வேண்டி வரும்.

பெறுதி பூச்சியம் என்றால் அது உயர்வாகவும் இருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு, இரண்டாம் பெறுதி:

```
T″ = a²/(v₁(a² + x²)^(3/2)) + b²/(v₂(b² + (d − x)²)^(3/2))
```

இரண்டு உறுப்பும் எப்போதும் நேர். ஆக இது இழிவுதான், அதுவும் ஒன்றே ஒன்று.

இதை முதலில் செய்தவர் பிரெஞ்சுக்காரர் ஃபெர்மா, 1662-இல். நியூட்டனும் லைப்னிட்சும் நுண்கணிதத்தை வெளியிடுவதற்கு முன்பே, தன் சொந்த இழிவு காணும் முறையால் மல்லுக்கட்டிச் செய்தார். லைப்னிட்ஸ் 1684-இல் வகையீடு பற்றிய தன் முதல் கட்டுரையில் இதே கணக்கைச் சில வரிகளில் முடித்துக் காட்டினார். வேடிக்கை என்னவென்றால், அடர்ந்த ஊடகத்தில் ஒளி வேகமாகப் போகும் என்று நினைத்த டெகார்ட்டும் 1637-இலேயே இதே sin விதியை வெளியிட்டிருந்தார். யார் சொன்னது சரி என்பது 1850-இல்தான் தெரிந்தது. தண்ணீரில் ஒளி மெதுவாகப் போகிறது என்று ஃபூக்கோ சோதனையில் காட்டினார்.

எண்களைப் போட்டுப் பார்ப்பது

a = 30, b = 20, d = 55. நேரத்தை நேரடியாக எழுதினால் புள்ளிக்குப் பின்னால் பூச்சியங்கள் அதிகம். அதனால் காற்றுத் தூரத்தோடு தண்ணீர்த் தூரத்தின் 4/3 மடங்கைக் கூட்டி L என்று வைப்போம், செ.மீ-இல். ஒளி ஒரு நானோசெக்கனில் ஏறத்தாழ 30 செ.மீ போவதால் L-ஐ 30-ஆல் வகுத்தால் நானோசெக்கன் வந்து விடும்.

```
x = 33   L = 84.24
x = 34   L = 84.01
x = 39   L = 83.354
x = 40   L = 83.333
x = 41   L = 83.354
x = 55   L = 89.32
```

x = 40 தான் இழிவு. விதியோடு ஒத்துப்போகிறதா? காற்றில் முக்கோணம் 30, 40, 50, ஆகவே sin θ₁ = 0.8. தண்ணீரில் 15, 20, 25, ஆகவே sin θ₂ = 0.6. 0.8 ÷ 0.6 = 4/3. சரி. நேர்கோட்டை விட இந்த வழி மிச்சப்படுத்துவது ஏறத்தாழ 0.03 நானோசெக்கன்.

55-ஐயும் பாருங்கள். தண்ணீரில் மிகக் குறைந்த தூரம் போகும் வழி அது, குற்றிக்கு நேர் மேலே வந்து செங்குத்தாக இறங்குவது. ஆனால் காற்றில் சுற்றிய சுற்று அந்த லாபத்தை விழுங்கி விடுகிறது.

லேசரை x = 40-க்குத் திருப்பினோம். கதிர் குற்றியின் ஓரத்தில் பட்டது. சில மில்லிமீற்றர் விலகல் இருந்தது. மேசை சமமில்லை. சாய்வாக விழுவதால் நீர்மட்டத்தில் ஒளிப்பொட்டு நீள்வட்டமாக வேறு தெரிந்தது. அடிமட்டத்தை அந்த நீள்வட்டத்தின் நடுவில் வைத்துத்தான் வாசிக்க வேண்டும், நுனியில் அல்ல. கணிப்பொறியில் கோணம் எடுப்பவர்கள் அது பாகையில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். வர வேண்டியது 53.1 பாகையும் 36.9 பாகையும்.

"ஒளிக்கு முன்னமே எப்பிடித் தெரியும், மாமா?"

எல்லோரும் கேட்கும் கேள்விதான். புறப்படும் முன்பே எந்த வழி விரைவு என்று ஒளி கணக்குப் போடுகிறதா? இல்லை. பதில் மேலே உள்ள எண்களிலேயே இருக்கிறது.

33-இலிருந்து 34-க்கு ஒரு செ.மீ நகர்ந்தபோது L 0.23 மாறியது. 40-இலிருந்து 41-க்கு அதே ஒரு செ.மீ, மாற்றம் வெறும் 0.02. பெறுதி பூச்சியம் என்பதன் அர்த்தம் இதுதான்: அந்த இடத்தில் வளைகோடு தட்டையாகக் கிடக்கிறது, அக்கம்பக்கத்து வழிகள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே நேரம் எடுக்கின்றன.

ஒளி ஓர் அலை. லேசரை விட்டு ஒரு சின்னப் பல்பை யோசியுங்கள், அதன் அலை நீர்மட்டத்தின் எல்லா இடத்திலும் விழுகிறது. எல்லா x வழியாகவும் குற்றிக்கு வரும் பங்குகளைக் கூட்ட வேண்டும். சிவப்பு ஒளியின் அலைநீளம் காற்றில் ஏறத்தாழ 0.65 மைக்ரோமீற்றர். x = 40-இலிருந்து 0.3 மில்லிமீற்றர் தள்ளினால் L மாறுவது 0.2 மைக்ரோமீற்றருக்கும் குறைவு, அலைநீளத்தில் மூன்றில் ஒன்று கூட இல்லை. அந்தப் பங்குகள் ஒரே தாளத்தில் வந்து சேர்ந்து கூடுகின்றன. x = 33-இல் அதே 0.3 மில்லிமீற்றர் தள்ளினால் மாற்றம் 74 மைக்ரோமீற்றர், நூறு அலைநீளத்துக்கு மேல். அங்கே ஒரு பங்கு மேடாக வரும்போது அடுத்தது பள்ளமாக வந்து ஒன்றையொன்று அழித்து விடுகின்றன. மிஞ்சுவது 40-ஐச் சுற்றியுள்ள ஒளி.

இப்படிப் பார்த்தால் "மிகக் குறைந்த நேரம்" என்பதே கொஞ்சம் தளர்வான பேச்சு. வேண்டியது வளைகோடு தட்டையாக இருப்பது மட்டும். இரண்டு தட்டையான ஊடகத்துக்கு அது எப்போதும் இழிவாக அமைகிறது. குழிவாடியில் தெறிக்கும் கதிருக்கு அதே தட்டை சில வேளை உயர்வாகவும் இருக்கும். இதைச் சொன்னதும் மருமகன் அக்காவின் கண்ணாடியைத் தேடிப் போனான். அது தளவாடி, அதில் வேலைக்காகாது என்றேன். சமையலறையிலிருந்து எவர்சில்வர் குழிக்கரண்டியை எடுத்து வந்தான்.