பிட்காயினும் நாஸ்டாக்கும் சேர்ந்துதான் ஓடுகிறதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், அமெரிக்கப் பணவீக்க அறிக்கை இரவு 8.30க்கு வரும்; அமெரிக்காவில் குளிர்கால நேரம் என்றால் 9.30. அதை வைத்து பிட்காயின் வாங்குமுன் நாஸ்டாக் 100, டாலர் குறியீடு DXY இரண்டோடும் அதன் தொடர்பைப் பார்ப்பேன்.

விலைகளை அப்படியே ஒப்பிட்டபோது, 1-ஐ உச்சமாகக் கொண்ட தொடர்பு எண் நாஸ்டாக்கோடு 0.8க்கு மேல் வந்தது. சந்தேகமாக இருந்தது. இரண்டு விலைகளும் ஒரே காலத்தில் ஏறினாலே இந்த எண் பெரிதாகிவிடும். அன்றாட அசைவு ஒத்துப்போகிறதா என்று அது சொல்லாது.

அதனால் தினசரி மாற்றத்துக்கு மாறினேன். A-யில் தேதி, B-யில் பிட்காயின், C-யில் நாஸ்டாக், D-யில் DXY. பங்குச் சந்தைக்கு விடுமுறையான நாட்களின் வரிசைகளை முதலில் நீக்க வேண்டும். அப்போதுதான் திங்கட்கிழமை மாற்றம் மூன்றுக்கும் வெள்ளியிலிருந்து கணக்காகும். மாற்றத்தைக் கணக்கிட்ட பிறகு நீக்கினால் எல்லாம் கெட்டுவிடும். E3, F3, G3 சூத்திரங்களை 32-ஆம் வரிசை வரை கீழே இழுத்துவிட்டு, பிறகு CORREL போட வேண்டும்.

```
E3: =B3/B2-1
F3: =C3/C2-1
G3: =D3/D2-1
=CORREL(E3:E32,F3:F32)
=CORREL(E3:E32,G3:G32)
```

இப்போது நாஸ்டாக்கோடு 0.3க்கும் கீழே, டாலரோடு பூஜ்யத்தை ஒட்டி வந்தது. டாலர் பலவீனமானால் பிட்காயின் ஏறும் என்று நம்பி வாங்க, தெளிவான எதிர்மறை எண் வேண்டும். அது இல்லாததால் அன்று வாங்கவில்லை.

இன்னொன்று: பிட்காயினின் நாள் UTC நள்ளிரவில் முடிகிறது, நியூயார்க் பங்குச் சந்தை அதற்குச் சில மணி நேரம் முன்பே மூடிவிடுகிறது. இதனாலும் எண் சற்றுக் குறையலாம். அப்புறம், மேலே போட்டது 30 நாள் எண்; 90 நாள் எண்ணையும் போட்டுப் பார்ப்பேன். 30 நாளும் 90 நாளும் வெவ்வேறு கதை சொன்னால், அந்தத் தொடர்பை நம்பிப் பணம் போடுவதில்லை.