அகாப்பே, ஈரோஸ், ஃபிலியா: கிரேக்க அன்புச் சொற்களில் வழக்கமாக நடக்கும் தவறுகள்

கல்யாணப் பிரசங்கங்களிலும் வாட்ஸ்அப்பில் சுற்றும் படங்களிலும் ஒரு பட்டியல் அடிக்கடி வரும். ஈரோஸ் என்றால் உடல் இச்சை, ஃபிலியா என்றால் நட்பு, ஸ்டோர்கே என்றால் குடும்பப் பாசம், அகாப்பே என்றால் எதையும் எதிர்பார்க்காத தெய்வீக அன்பு. கேட்க அழகாக இருக்கும், மனதிலும் சட்டென்று பதியும். ஆனால் பழைய கிரேக்க நூல்களைத் திறந்து பார்த்தால், இந்தச் சொற்கள் பட்டியலில் சொன்னபடி நடந்துகொள்வதே இல்லை.

இந்தப் பட்டியல் இவ்வளவு பரவியதில் 20ஆம் நூற்றாண்டின் இரண்டு பேருக்குப் பெரிய பங்கு உண்டு. சுவீடனின் இறையியலாளர் ஆன்டர்ஸ் நீக்ரென் 1930களில் அகாப்பேயையும் ஈரோஸையும் எதிரெதிர் துருவங்களாக நிறுத்தி ஒரு பெரிய நூல் எழுதினார். பிறகு 1960இல் சி. எஸ். லூயிஸ் நான்கு அன்புகள் என்று வகுத்து எழுதினார். இருவரும் அன்பைப் பற்றிச் சொன்னதில் சிந்திக்க நிறைய இருக்கிறது. ஆனால் அவை அன்பை வகைப்படுத்தும் கருத்துகள். அவற்றை கிரேக்க அகராதியாக எடுத்துக்கொள்ளும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

அகாப்பே எப்போதும் தூய அன்பு என்று நினைப்பது

அதிகம் நடக்கும் தவறு இதுதான். எபிரேய வேதாகமத்தை கிமு 3ஆம் நூற்றாண்டில் தொடங்கி கிரேக்கத்தில் மொழிபெயர்த்தார்கள். செப்துவஜிந்த் என்று அதற்குப் பெயர். அதில் 2 சாமுவேல் 13ஆம் அதிகாரத்தில் தாவீதின் மகன் அம்னோன், தாய் வேறான தங்கை தாமார் மேல் மையல் கொள்கிறான். நோயாளிபோல் நடித்து அவளை அறைக்குள் வரவழைத்து, பலாத்காரம் செய்து, உடனே வெறுத்துத் துரத்திவிடுகிறான். அவள் மேல் அவனுக்கு முன்பு இருந்த ஆசையைவிட இப்போது வந்த வெறுப்பு பெரிதாக இருந்தது என்று 15ஆம் வசனம் சொல்கிறது. அந்த 'ஆசை' என்ற இடத்தில் கிரேக்கத்தில் நிற்கும் சொல் அகாப்பே. அதோடு வரும் வினைச்சொல்லும் அகாப்பேயின் வினை வடிவமான அகப்பாவோதான்.

புதிய ஏற்பாட்டிலும் இப்படித்தான். தேமா என்பவன் பவுலை விட்டுப் போனது இந்த உலகத்தின் மேல் ஆசை வைத்ததால் என்று 2 தீமோத்தேயு 4:10 சொல்கிறது. அங்கே வினை அகப்பாவோ. மனுஷர் ஒளியைவிட இருளை விரும்பினார்கள் என்று யோவான் 3:19 சொல்வதும் அதே வினையால்தான். லூக்கா இன்னும் வசதியான சாட்சி. ஜெபஆலயத்தில் முதல் இருக்கைக்கு ஆசைப்படும் பரிசேயரைக் கண்டிக்கும்போது (11:43) அவர் எழுதுவது அகப்பாவோ. அதே முதல் இருக்கைக்கு ஆசைப்படும் வேதபாரகரைப் பற்றிச் சொல்லும்போது (20:46) எழுதுவது ஃபிலியாவின் வினை வடிவமான ஃபிலேயோ. எழுதியவர் ஒருவர், இருக்கையும் ஒன்று, ஆசையும் ஒன்று, வினை மட்டும் வேறு.

அப்படியானால் 1 கொரிந்தியர் 13? அது நீடிய சாந்தமுள்ளது, தயவுள்ளது, பொறாமையில்லாதது என்று பவுல் அகாப்பேயை அடுக்கி வர்ணிக்கிறாரே? ஆம், ஆனால் அந்தப் பொருளை அங்கே கொண்டுவருவது அவர் எழுதிய அடுக்கு. சொல்லுக்குள்ளேயே அது அடங்கியிருந்தால் அவர் அத்தனை வரி எழுதி விளக்க வேண்டிய அவசியமே வந்திருக்காது. கிறிஸ்தவர்கள் இந்தச் சொல்லுக்குக் கனம் ஏற்றினார்கள் என்பது உண்மை. ஆனால் அது எல்லா இடத்திலும் அந்தக் கனத்தோடு வருவதில்லை. 'தேவன் அன்பாகவே இருக்கிறார்' என்று சொல்லும் அதே 1 யோவான் நிருபம்தான் 'உலகத்தில் அன்புகூராதிருங்கள்' என்றும் சொல்கிறது. இரண்டு இடத்திலும் ஒரே சொற்குடும்பம்.

பேதுருவிடம் கேட்ட மூன்று கேள்விகள்

இந்தத் தவறு மிக அழகாக உடுத்திக்கொண்டு வரும் இடம் யோவான் 21:15-17. உயிர்த்தெழுந்த இயேசு கடற்கரையில் பேதுருவிடம் மூன்று முறை 'என்மேல் அன்பு உண்டா' என்று கேட்கிறார். முதல் இரண்டு கேள்வியிலும் அகப்பாவோ வருகிறது. பேதுரு மூன்று முறையும் ஃபிலேயோ என்றே பதில் சொல்கிறான். மூன்றாவது கேள்வியில் இயேசுவும் ஃபிலேயோவுக்கு வந்துவிடுகிறார். நம் பழைய தமிழ் வேதாகமமும் இதைக் காட்ட முயல்கிறது. முதல் இரண்டு கேள்வி 'அன்பாயிருக்கிறாயா' என்று வரும், மூன்றாவது கேள்வியும் பேதுருவின் பதில்களும் 'நேசி' என்று வரும்.

இதிலிருந்து எடுக்கும் பிரசங்கம் எல்லோருக்கும் தெரிந்ததே. இயேசு தெய்வீக அன்பைக் கேட்டார், பேதுருவால் நட்பளவுக்குத்தான் தர முடிந்தது, கடைசியில் இயேசு அவன் நிலைக்கு இறங்கி வந்தார். உருக்கமான விளக்கம்தான். ஆனால் பகுதியை நிதானமாக வாசித்தால் நிற்காது.

முதலில், 'நீ அகப்பாவோ செய்கிறாயா' என்ற கேள்விக்குப் பேதுரு 'ஆம் ஆண்டவரே' என்கிறான். குறைந்த அன்பைத்தான் தர முடியும் என்று நினைப்பவன் ஆம் என்று தொடங்கமாட்டான். அடுத்து, ஃபிலேயோ என்ற வினை இயேசுவின் வாயிலிருந்து வருவது மூன்றாம் கேள்வியில் மட்டுமே. ஆனாலும் யோவான் 'மூன்றாந்தரம் கேட்டதால் பேதுரு துக்கப்பட்டான்' என்று எழுதுகிறார். அவர் கணக்கில் மூன்றும் ஒரே கேள்வி. பேதுரு முன்பு இயேசுவைத் தெரியாது என்று மூன்று முறை மறுதலித்தவன். அந்த எண்ணிக்கைதான் அவனைக் குத்துகிறது.

அதோடு, இந்த மூன்றே வசனத்தில் மாறும் சொல் அன்பு மட்டுமில்லை. ஆட்டுக்குட்டிகள் என்று ஒரு தடவை, ஆடுகள் என்று மறு தடவை. மேய்ப்பதற்கு இரண்டு வினைகள். பேதுரு சொல்லும் 'அறிவீர்' என்பதற்கும் இரண்டு வினைகள். ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதாமல் மாற்றி எழுதுவது யோவானின் கைப்பழக்கம். பிதா குமாரனை நேசிக்கிறார் என்பது 3:35இல் அகப்பாவோ, 5:20இல் ஃபிலேயோ. லாசருவின் மேல் இயேசுவுக்கு இருந்த அன்பு 11:3இல் ஃபிலேயோ, இரண்டு வசனம் தள்ளி 11:5இல் அகப்பாவோ. பிதாவின் அன்பு இரண்டாம் தரமானது என்று யாரும் சொல்லப் போவதில்லையே.

இங்கே வேறுபாடு உண்டு என்று வாதிட்ட பெரிய அறிஞர்களும் இருக்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால் 19ஆம் நூற்றாண்டில் ட்ரெஞ்ச், ஃபிலேயோதான் நெருக்கமான, சூடான சொல் என்றார். பேதுருவின் காதுக்கு அகப்பாவோ குளிர்ச்சியாகப் பட்டதாம். வெஸ்ட்காட் நேர் எதிராக, அகப்பாவோதான் உயர்ந்தது என்றார். இருவருமே கிரேக்கத்தில் கரை கண்டவர்கள். அவர்களுக்கே எந்தச் சொல் மேல், எது கீழ் என்பதில் ஒத்துப்போகவில்லை என்றால், அந்த ஏணி மூலத்தில் இருக்கிறதா என்று சந்தேகப்படுவது நியாயம்.

ஈரோஸைப் படுக்கையறைக்குள் பூட்டுவது

ஈரோஸ் காமத்தையும் குறிக்கும், சந்தேகமில்லை. ஆனால் அதன் மையம் ஏக்கம். இல்லாத ஒன்றை நோக்கி மனம் இழுபடுவது. ஹோமரின் இலியத்தில் விருந்து முடியும்போதெல்லாம் 'உண்ணவும் குடிக்கவும் இருந்த ஆசை தீர்ந்தபின்' என்று ஒரு வழக்கமான வரி வரும். அந்த ஆசைக்கு இந்தச் சொல்லின் பழைய வடிவம்தான். கிமு 415இல் ஏதென்ஸ் சிசிலி மேல் படையெடுக்கத் துடித்ததைச் சொல்லும் வரலாற்றாசிரியர் தூசிதிதீஸ், கப்பலேற எல்லோரையும் ஈரோஸ் பிடித்துக்கொண்டது என்று எழுதுகிறார். அந்தப் படையெடுப்பு படுதோல்வியில் முடிந்தது வேறு கதை.

பிளேட்டோ இதை இன்னும் மேலே கொண்டுபோகிறார். 'விருந்து' என்ற உரையாடலில் தியோதிமா என்ற பெண் சொன்னதாக சாக்ரடீஸ் சொல்கிறார்: ஈரோஸ், வறுமைக்கும் வழிதேடும் திறமைக்கும் பிறந்த பிள்ளை. தாயைப்போல எப்போதும் இல்லாமையில் இருக்கும், தகப்பனைப்போல எப்போதும் வழி தேடும். ஒரு அழகிய உடலில் தொடங்கி, எல்லா அழகிய உடல்கள், பிறகு ஆன்மா, சட்டங்கள், அறிவு என்று ஏறி, கடைசியில் அழகு என்பதையே காண்பதுவரை அது இழுத்துச் செல்லும்.

ஈரோஸ் என்ற பெயர்ச்சொல் புதிய ஏற்பாட்டில் இல்லை என்பது உண்மை. அதனால் அது கிறிஸ்தவத்துக்கு ஆகாத சொல் என்று முடிவுகட்டுவது அவசரம். 4ஆம் நூற்றாண்டில் நீசா நகரின் ஆயர் கிரகோரி, உன்னதப்பாட்டுக்கு எழுதிய உரையில், தீவிரமான அகாப்பேக்குத்தான் ஈரோஸ் என்று பெயர் என்கிறார். 2005இல் திருத்தந்தை 16ஆம் பெனடிக்ட் தம் முதல் சுற்றுமடலிலேயே, கடவுளின் அன்பை ஈரோஸ் என்றும் சொல்லலாம், அதே நேரம் அது முழுக்க அகாப்பே என்று எழுதினார்.

ஃபிலியாவை நட்பு என்று மட்டும் படிப்பது

அரிஸ்டாட்டில் தம் நிகோமாக்கிய அறவியலில் எட்டாம், ஒன்பதாம் புத்தகங்களை ஃபிலியாவுக்கே ஒதுக்கினார். பெற்றோர்-பிள்ளை, கணவன்-மனைவி, ஒரே கப்பலில் போகிறவர்கள், ஒரே ஊர்க்காரர்கள், கொடுக்கல் வாங்கல் உள்ளவர்கள் எல்லாரும் அதற்குள் அடக்கம். நமக்கு நட்பு என்றால் இதில் பாதி விட்டுப்போகும். பயனுக்காக, இன்பத்துக்காக, குணத்துக்காக என்று மூன்று வகை பிரித்துவிட்டு, ஒரு எல்லையும் போடுகிறார். மதுவின் மேல் ஃபிலியா இருக்க முடியாது. அது திருப்பி அன்பு செய்யாது, அதற்கு நாம் நன்மை விரும்புவதும் கேலிக்கூத்து. அது கெடாமல் இருக்கட்டும் என்று விரும்பினால்கூட நாம் குடிக்கத்தானே! அதாவது, இருவரும் ஒருவருக்கொருவர் நலம் விரும்புவது, அது இருவருக்கும் தெரிந்திருப்பது, இதுதான் அவர் சொல்லும் ஃபிலியா.

இது அரிஸ்டாட்டில் போட்ட வரையறை என்பதையும் மறக்கக் கூடாது. ஃபிலேயோ என்ற வினை அன்றாடப் பேச்சில் முத்தமிடுவதையும் குறித்தது. யூதாஸ் 'நான் எவனை முத்தமிடுவேனோ அவன்தான்' என்று அடையாளம் சொல்லும் மாற்கு 14:44இல் வருவது அதே வினை.

ஸ்டோர்கே பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மற்றவற்றைவிட அரிய சொல், பெரும்பாலும் பெற்றோர்-பிள்ளைப் பாசம். ஆனால் அதன் வினைக்கு 'இருப்பதைப் பொறுத்துக்கொள்' என்ற பொருளும் உண்டு. குடும்பஸ்தர்களுக்குப் புரியும்.

சில பட்டியல்கள் ஏழு, எட்டு என்று நீளும். லூடுஸ், பிராக்மா, மேனியா எல்லாம் சேரும். லூடுஸ் லத்தீன் சொல், கிரேக்கமே இல்லை. பிராக்மா என்றால் கிரேக்கத்தில் காரியம், மேனியா என்றால் வெறி. ஜான் ஆலன் லீ என்ற கனடா சமூகவியலாளர் 1973இல் காதல் பாணிகளுக்கு வைத்த பெயர்கள் இவை. பழைய கிரேக்கர் தலையில் இதைக் கட்ட வேண்டாம்.

சரி, ஒரு வசனத்தில் எந்த அன்பு என்று எப்படிப் பார்ப்பது? வேதாகம ஆப்களில், ஒவ்வொரு மூலமொழிச் சொல்லுக்கும் ஒரு எண் தரும் ஸ்ட்ராங் எண் வசதி இருக்கும். அகப்பாவோவுக்கு G25, அகாப்பேக்கு G26, ஃபிலேயோவுக்கு G5368. எண்ணைத் தட்டி, அந்தச் சொல் வரும் எல்லா இடத்தையும் எடுங்கள். புதிய ஏற்பாட்டில் அகப்பாவோ 140க்கும் மேல், ஃபிலேயோ 25. ஒவ்வொன்றிலும் யார் அன்பு செய்கிறார், எதன் மேல், அடுத்து என்ன செய்கிறார் என்று மட்டும் குறித்துக்கொண்டே போங்கள். ஃபிலேயோவின் 25 இடங்களை ஒரே மாலையில் முடித்துவிடலாம், அங்கிருந்தே தொடங்குங்கள்.